தேள்கடி வலியும் தண்டுவடத்தின் வாயிலும்

நாங்குநேரி, களக்காடு, இராதாபுரம் பக்கத்து ஊர்களில் தேள் கொட்டினால், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் மந்திரிக்கிறவர் வீட்டுக்குப் போகும் வழக்கம் இன்றும் முழுதாக மறைந்துவிடவில்லை. அவர் ஒரு கைப்பிடி வேப்பங்குழையை எடுத்து, கொட்டுப்பட்டவரின் தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே சீராகத் தடவி இறக்குவார். வாய்க்குள் மந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே வலி எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்பார். தோளில் நின்ற வலி முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் இறங்கி, கடைசியில் கொட்டிய இடத்தில் மட்டும் நிற்கும். பலருக்கு இது உண்மையாகவே நடக்கிறது. நான் செவிலியர் மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கிறேன். வலி பற்றிய பாடத்தை எடுக்கும்போதெல்லாம் இந்த வேப்பங்குழையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். வலிச்செய்தி மூளைக்குப் போகும் முன் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்னும் வலியின் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எங்கள் பக்கத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்தக் கோட்பாடு எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் இதே நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

என் சித்திக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்கிறேன். அடுக்கி வைத்திருந்த பனையோலையை எடுக்கும்போது வலது கை நடுவிரலில் தேள் கொட்டியது. சில நிமிடங்களுக்குள் வலி விரலைக் கடந்து கைமுழுதும் பரவி, அக்குள் வரை இழுப்பதாகச் சொல்லித் துடித்தார். ஆட்டோ வரும் வரையில் தெருவிலிருந்த மந்திரிக்கிற தாத்தா வந்து குழையடித்தார். "எங்ஙன நிக்கி தாயி?" என்று கேட்டார். "தோள்ல நிக்கி தாத்தா, விண்ணு விண்ணுனு தெறிக்கி" என்றார் சித்தி. சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டபோது, "இப்பம் முழங்கைக்கு இறங்கிட்டு" என்ற பதில் வந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அது ஒப்புக்குச் சொன்ன பதிலாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தாத்தா தண்ணீர் குடிக்கக் குழையைக் கீழே வைத்ததும் வலி மீண்டும் மேலேறியது. அப்போது கூட்டத்தில் ஒருவர், போன வருடம் பக்கத்து ஊரில் தேள் கொட்டிய சிறுவன் பிழைக்கவில்லை என்று சொன்னதும், அடங்கிக்கொண்டிருந்த வலி பழைய வேகத்துக்கே போய்விட்டது. விரலில் ஏறிய நஞ்சின் அளவு இவ்வளவு நேரத்தில் மாறியிருக்க வழியில்லை. மாறியது வலி மட்டும்.

காயத்தின் அளவே வலியின் அளவு என்று கொண்டால் இதை விளக்க முடியாது. பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1664இல் வெளிவந்த நூலில், காலில் நெருப்புப் பட்டால் நரம்பு வழியாக ஒரு கயிறு இழுபட்டு மூளையில் மணி அடிப்பதைப் போன்ற விளக்கம் இருக்கிறது. கயிற்றை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு மணியடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நெடுங்காலம் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இந்த எண்ணத்தின் திருத்திய வடிவங்களையே கொண்டிருந்தன. கனடாவின் உளவியலாளர் ரொனால்டு மெல்சாக்கும் பிரிட்டனின் நரம்பியலாளர் பாட்ரிக் வாலும் 1965இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இதை உடைத்தது. காயத்திலிருந்து புறப்படும் செய்தி மூளைக்குப் போகும் முன்பே, தண்டுவடத்துக்குள் நுழையும் முதல் இடத்திலேயே கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது என்று அவர்கள் முன்மொழிந்தார்கள். அந்த இடத்தைத்தான் வாயில் என்றார்கள்.

சித்தியின் விரலிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். தேளின் நஞ்சில் உள்ள புரதங்கள் சில, நரம்பிழைகளின் சவ்விலுள்ள சோடியம் வாய்க்கால்கள் உரிய நேரத்தில் மூடிக்கொள்வதைத் தடுக்கின்றன. ஆகவே வலியைச் சுமக்கும் இழைகள் ஒரு முறை தூண்டப்பட்டால் ஓயாமல் துடிப்புகளை அனுப்புகின்றன. விரலிலிருந்து புறப்படும் இழைகள் ஒரே வகையானவை அல்ல. தொடுதலைச் சுமக்கும் ஏ-பீட்டா இழைகள் தடித்தவை, மையலின் உறை கொண்டவை, நொடிக்கு 30 முதல் 70 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துபவை. கூர்மையான முதல் வலியைச் சுமக்கும் ஏ-டெல்டா இழைகள் மெல்லியவை. எரிச்சலாக நீண்டு நிற்கும் வலியைச் சுமக்கும் சி இழைகளோ உறையே இல்லாதவை, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் செல்பவை. விரல்நுனிக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொடுசெய்தி கண்ணிமைப்பதற்குள் போய்விடும். எரிச்சல் போய்ச்சேர ஒரு நொடி ஆகும். கால் விரலை நிலையில் இடித்துக்கொண்டவர்கள், முதலில் ஒரு வெட்டும் சற்றுக் கழித்து ஒரு காந்தலும் வருவதை உணர்ந்திருப்பார்கள். அந்த இடைவெளி இந்த வேக வேறுபாட்டால் வருவது.

நடுவிரலின் இழைகள் பெரும்பாலும் கழுத்தின் ஏழாம் தண்டுவட நரம்பு வழியாக உள்ளே நுழைந்து, தண்டுவடத்தின் முதுகுப்புறச் சாம்பல் பகுதியை அடைகின்றன. அங்கே 'சப்ஸ்டான்சியா ஜெலட்டினோசா' என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் கடத்து செல்களும், அவற்றை அடக்கிவைக்கும் சிறு இடைநிலை செல்களும் இப்பகுதியில் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. தடித்த தொடுஇழைகள் நுழையும்போது இந்த அடக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அப்போது அதே கடத்து செல்லுக்கு வலியிழைகள் கொண்டுவரும் தூண்டுதல் பலம் குறைந்து போகிறது. வலியிழைகளின் ஓட்டம் மிகுந்தால் அடக்குதலை மீறி வாயில் விரிகிறது. குளத்து மடையின் அடைப்பை ஒரு சாணோ இரண்டு சாணோ தூக்கி நீரை அளந்து விடுவதைப் போன்றது இது. முழுதாகத் திறப்பது, முழுதாக மூடுவது என்ற இரண்டு நிலை மட்டும் இதற்கு இல்லை.

இனி வேப்பங்குழைக்கு வருவோம். வேம்பின் மருத்துவக் குணம் எதுவும் இங்கே வேலை செய்திருக்க வேண்டியதில்லை. தோளிலிருந்து விரல் வரை பல நூறு சிறு இலைகள் தொடர்ந்து தோலை வருடும்போது, ஆயிரக்கணக்கான ஏ-பீட்டா இழைகள் ஒரே நேரத்தில் துடிப்பனுப்புகின்றன. அவை சென்று சேர்வது, விரலின் வலி வந்து சேரும் அதே கழுத்துப்பகுதித் தண்டுவடத்துக்கும் அதன் அண்டை மட்டங்களுக்கும்தான். கைவலிக்குக் காலைத் தடவினால் இந்த வகைப் பயன் கிடைக்காது. முதுகைத் தடவினால் ஆறுதல் கிடைக்கலாம், ஆனால் அது வேறு வழியில் வருவது. வாலும் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் 1967இல் இதை மின்சாரத்தைக் கொண்டு சோதித்தார்கள். முதலில் தங்கள் முகத்து நரம்புகளிலேயே தடித்த இழைகளை மட்டும் தூண்டக்கூடிய மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்து, பிறகு நெடுநாள் நரம்புவலியுள்ள எட்டு நோயாளிகளிடம் அதைச் செய்தார்கள். தூண்டிக்கொண்டிருக்கும்போது வலி தணிந்தது. இன்று பிசியோதெரபி அறைகளில் ஒட்டும் பட்டைகளோடு இருக்கும் 'டென்ஸ்' கருவி இந்த வழியில் வந்ததுதான். தாத்தா குழையைக் கீழே வைத்ததும் சித்தியின் வலி திரும்பியதும் இதனால்தான். தொடுஇழைகளின் ஓட்டம் நின்றால் அடக்குதலும் விரைவில் நின்றுவிடும், ஆனால் விரலில் சோடியம் வாய்க்கால்கள் இன்னும் திறந்தே கிடக்கும்.

வலி ஏறி இறங்குவதாகத் தோன்றுவது ஏன் என்ற கேள்வி என் மாணவர்களிடமிருந்து தவறாமல் வரும். நஞ்சு கையில் ஏறிச் செல்வதும் மந்திரத்தால் இறங்கிவருவதும் என்று ஊரில் பொருள்கொள்கிறார்கள். எனக்குப் படும் விளக்கம் வேறு. சி இழைகள் விடாமல் துடிக்கும்போது தண்டுவடத்தின் கடத்து செல்கள் மேலும் மேலும் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. அண்டை மட்டத்துச் செல்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. முன்பு விரலுக்கு மட்டும் பதில்சொன்ன செல், இப்போது முன்கைக்கும் மேல்கைக்கும் பதில்சொல்கிறது. ஆகவே காயம் விரலிலேயே இருக்க, வலியின் எல்லை விரிந்துபோகிறது. வாயில் ஓரளவு இறுகும்போது முதலில் விட்டுப்போவது இந்த விளிம்புகள்தான். கடைசிவரை நிற்பது நடுவிலுள்ள கடிவாய். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தோளிலிருந்து விரலுக்கு இறங்கியதாகவே தெரியும்.

இதுவரை சொன்னது தொடுதலின் பங்கு. ஆனால் பக்கத்து ஊர்ச் சிறுவனைப் பற்றிய ஒரு சொல் வலியை ஏற்றிவிட்டதை இது விளக்காது. மெல்சாக்கும் வாலும் தங்கள் படத்தில் மூளையிலிருந்து வாயிலுக்குத் திரும்பிவரும் ஒரு கோட்டை வரைந்திருந்தார்கள். 1965இல் அந்தக் கோட்டுக்கு உரிய நரம்புப்பாதை தெரிந்திருக்கவில்லை. அதைத் துணிந்து வரைந்ததைத்தான் அந்தக் கட்டுரையின் மிகச் சிறந்த அம்சமாக நான் கருதுகிறேன். 1969இல் டேவிட் ரெய்னால்ட்ஸ், எலிகளின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட சாம்பல் பகுதியை மின்சாரத்தால் தூண்டி, மயக்கமருந்து இல்லாமலே வயிற்றில் அறுவை செய்ய முடிந்ததைக் காட்டினார். அந்த நடுமூளைப் பகுதியிலிருந்து செய்தி முகுளத்துக்கு இறங்கி, அங்கிருந்து தண்டுவடத்தின் அதே வாயிலுக்கு வருகிறது என்பது பின்னர் தெளிவானது. முகுளத்தில் வாயிலை இறுக்கும் செல்களும் இருக்கின்றன, தளர்த்தும் செல்களும் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருள்கள் இந்தப் பாதை நெடுக வேலை செய்கின்றன.

கவனம் இந்தப் பாதையில் எப்படி நுழைகிறது? 2012இல் ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஸ்ப்ரெங்கரும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு இதைக் கண்ணால் காட்டியது. ஆட்களின் கையில் சூட்டால் வலி உண்டாக்கி, ஒரு நேரம் கடினமான நினைவுப் பயிற்சியும் ஒரு நேரம் எளிய பயிற்சியும் கொடுத்து, கழுத்துத் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. படமெடுத்தார்கள். கடினமான பயிற்சியில் மனம் ஆழ்ந்திருந்தபோது வலி குறைவாக உணரப்பட்டதோடு, தண்டுவடத்திலேயே அந்த வலிக்கான செயல்பாடு குறைந்திருந்தது. அபின் வகை வேதிப்பொருள்களின் வேலையைத் தடுக்கும் நாலக்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது கவனத்தால் கிடைத்த தணிவு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. வேறொன்றில் மனம் போனதால் வலியை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். வலி மூளைக்குப் போகும் முன்பே குறைந்துவிட்டது என்பது மீதிப் பாதி.

ஆனால் தாத்தா சித்தியின் கவனத்தை வலியிலிருந்து திருப்பவில்லையே, வலி எங்கே நிற்கிறது என்று கேட்டு அதன்மீதே நிறுத்தினாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வலியை உற்றுக் கவனித்தால் அது கூடுவதே பெரும்பாலும் இயல்பு. எதிர்பார்ப்பு இங்கே இடையில் வருகிறது. அவர் வலிக்கிறதா என்று கேட்கவில்லை, எவ்வளவு வலிக்கிறது என்றும் கேட்கவில்லை. எங்கே நிற்கிறது என்ற கேள்வியிலேயே அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற உறுதி அடங்கியிருந்தது. ஊரில் பலருக்கு இறங்கியதைச் சித்தி சிறுவயது முதல் பார்த்தவர். எதிர்பார்ப்பின் வலிமையை அளந்த ஆய்வுகளில் 2011இல் உல்ரிக்கே பிங்கெல் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. வலிதணிக்கும் மருந்தான ரெமிஃபென்டனிலை ஒரே அளவில் நரம்பு வழியாகச் செலுத்திக்கொண்டே, மருந்து இப்போது தொடங்கிவிட்டது என்று சொன்னபோது அதன் பயன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம் என்று சொன்னபோது, மருந்து ஏறிக்கொண்டிருந்தும் அதன் பயன் இல்லாமலே போயிற்று. சிறுவனைப் பற்றிய பேச்சு சித்திக்குச் செய்ததும் இந்த இரண்டாவது வகைதான்.

உணர்ச்சியைக் கவனத்தோடு ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. கேத்தரின் புஷ்னெலும் ஷான்டால் வில்மூரும் நறுமணத்தையும் நாற்றத்தையும் கொண்டு நடத்திய சோதனைகளில், கவனத்தைத் திருப்பியபோது வலியின் கடுமை மாறியது. மனநிலையை மாற்றியபோது, வலியின் கடுமையைவிட அது தரும் வேதனையே மிகுதியாக மாறியது. ஒருவர் 'வலி அப்படியேதான் இருக்கு, ஆனா பொறுத்துக்கிடலாம்' என்று சொன்னால் அவர் முரணாகப் பேசவில்லை. அச்சத்திலும் இரண்டு வகை உண்டு. கண்முன் உயிராபத்து நிற்கும்போது வரும் பேரச்சம் வலியை அடக்கிவிடும். அடுத்து என்ன ஆகுமோ என்று கடிவாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றமோ வலியைக் கூட்டும். அதில் முகுளத்தின் தளர்த்தும் செல்களும், கோலிசிஸ்டோகைனின் என்ற வேதிப்பொருளும் பங்குகொள்வதற்குச் சான்றுகள் உள்ளன. தேள்கடியில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பதற்றம்தான்.

கோட்பாட்டின் முதல் வடிவம் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய இழைகள் அடக்கும் செல்களை நேரடியாக ஓயவைக்கின்றன என்று 1965இல் வரைந்த இணைப்பு மெய்ப்படவில்லை. வாலே 1978இல் கோட்பாட்டை மறுபரிசீலனை செய்து எழுதினார். ஜெலட்டினோசா அடுக்கில் ஒரு வகைச் செல் இல்லை, பல வகைச் செல்கள் பல இணைப்புகளோடு இருக்கின்றன. தடவினால் வலி எப்போதும் தணியும் என்பதும் பொருந்தாது. அடக்கும் செல்களின் பிடி தளர்ந்துபோனால், தொடுஇழைகளின் செய்தியே வலிப்பாதைக்குள் கசிந்துவிடும். அக்கி வந்து ஆறிய பிறகும் சட்டைத்துணி பட்டாலே காந்தும் முதியவர்களிடம் நடப்பது இதுதான். சித்தியின் விரல்நுனியும் அடுத்த சில நாட்கள் அப்படித்தான் இருந்தது. மேல்கையில் இதமாக இருந்த வருடல் அந்த நுனியில் பட்டால் சுரீரென்றது. அத்தகைய இடத்தில் தேய்த்துவிடுவது வாயிலை மூடாது, திறந்துவிடும்.

இந்த வாயில் வலிக்கு மட்டுமே உரியது, நஞ்சுக்கு அதனால் தடை இல்லை. நம் பக்கத்துக் கருந்தேள் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். செந்தேள் அப்படியன்று. அதன் நஞ்சு தன்னியக்க நரம்புகளைத் தூண்டி, அட்ரினலின் வகைச் சுரப்புகளை உடலெங்கும் கொட்டவைக்கிறது. இரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கலாம். குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. மகாராட்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்த மருந்தான பிரசோசின் இறுகிய குழாய்களைத் தளர்த்தி உயிரைக் காக்கும் என்று 1980களில் காட்டினார். அதன் பிறகு தேள்கடி மரணங்கள் பெருமளவு குறைந்தன. நஞ்சு உள்ளே தீவிரமாகப் பரவியவர்களிடம் கொட்டிய இடத்து வலி குறைவாகவே இருப்பதும் உண்டு. ஆகவே வலி மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது என்பதைக் கொண்டு நஞ்சு இறங்கிவிட்டது என்று முடிவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இந்த வழக்கத்தின் உண்மையான ஆபத்து.

சித்தியை ஆட்டோவில் ஏற்றும்போது குழையையும் கூடவே எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் மேல்கையைத் தடவிக்கொடுத்ததில் ஒரு குற்றமும் இல்லை, பயனும் இருந்தது. ஆஸ்பத்திரியில் விரலின் அடியில் மரத்துப்போகவைக்கும் லிக்னோகெய்ன் ஊசி போட்டதும், வாயிலுக்கு வரும் முன்பே நரம்பில் செய்தி நின்று, எரிச்சல் முழுதாக விட்டது. அதன் பிறகும் அங்கிருந்த செவிலியர் வலியைப் பற்றிக் கேட்பதோடு நிற்கவில்லை. நெற்றியும் முதுகும் மழையில் நனைந்ததுபோல் வேர்க்கிறதா, வாந்தி வருகிறதா, கைகால் சில்லிட்டிருக்கிறதா, நாடி எப்படி ஓடுகிறது, மூச்சு வாங்குகிறதா, இருமலில் நுரை வருகிறதா என்று இரவு முழுதும் வந்து வந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். தேள்கடியில் கடிவாய்க்கட்டு இறுக்கிக் கட்டுவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாதவை. கொட்டியது செந்தேள் என்றாலும், எந்தத் தேள் என்று தெரியாவிட்டாலும், கொட்டுப்பட்டது குழந்தை என்றாலும், வலி எங்கே நின்றாலும் நின்றுவிட்டாலும், இந்த அறிகுறிகளை மருத்துவமனையில் ஒரு நாளாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.